டைலர்கள் தேவை: மூன்று வாசகங்களில் எதைப் போடுவது?

26 மெஷின் ஓடும் சின்ன ஏற்றுமதி யூனிட் ஒன்றில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுடையது பின்னலாடை. வட்டக் கழுத்து டி-ஷர்ட், குழந்தைகள் செட், எப்போதாவது காலர் வைத்த டி-ஷர்ட். ஒரு ஆர்டர் 800 பீஸில் தொடங்கும், 2,000 பீஸைத் தாண்டுவது அபூர்வம். போன சீசன் முடிந்த கையோடு ஆறு டைலர்கள் தேவைப்பட்டார்கள்: ஓவர்லாக்கில் மூன்று பேர், பேட்லாக்கில் இரண்டு பேர், சிங்கரில் ஒருவர். புதிதாகப் பழகுகிறவர்கள் இல்லை, கை ஓடுகிற ஆட்கள் வேண்டும்.

விளம்பரத்துக்கு மூன்று வாசகங்கள் எழுதிப் பார்த்தோம். முதலாளி ஒன்றை விரும்பினார், சூப்பர்வைசர் இன்னொன்றை, நான் மூன்றாவதை. சின்ன யூனிட் நடத்துகிற எல்லோர் மேசைக்கும் இந்த மூன்றில் ஏதோ ஒன்று வந்தே தீரும் என்பதால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வாசகம்: நான்கு வரி

"ஏற்றுமதி நிறுவனத்துக்கு அனுபவமுள்ள டைலர்கள் உடனடியாகத் தேவை. நல்ல சம்பளம். வளர்ச்சி வாய்ப்பு உண்டு. தொடர்புக்கு..."

சுவரில் ஒட்டவும் போனில் அனுப்பவும் எளிது. எழுத ஐந்து நிமிடம் ஆகாது. முதலாளிக்குப் பிடித்தது இதுதான். "ஆள் வரட்டும், மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்" என்றார்.

சிக்கல் "அனுபவமுள்ள டைலர்" என்ற இரண்டு சொல்லிலேயே இருக்கிறது. வீட்டில் ஜாக்கெட் தைப்பவரும் டைலர், பேன்ட் கடையில் உட்கார்ந்திருப்பவரும் டைலர், பத்து வருடமாக ஓவர்லாக்கில் தோள் மட்டும் கூட்டுபவரும் டைலர். எல்லோரும் போன் செய்வார்கள். ஒவ்வொருவரிடமும் "என்ன மெஷின், என்ன துணி" என்று கேட்டு, பெரும்பாலோரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். விளம்பரத்தில் எழுதாமல் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம் போனில் பல மணி நேரமாகத் திரும்பி வரும்.

இன்னொரு பக்கம், நல்ல டைலர் இதற்குப் போனே செய்ய மாட்டார். அவர் ஏற்கெனவே எங்கோ வேலையில் இருக்கிறார். ஒரு நாள் லீவு போட்டு, சம்பளம் இழந்து, சம்பளம் என்ன என்று கேட்பதற்காக இன்னொரு யூனிட் வாசலில் வந்து நிற்க அவருக்கு என்ன தலையெழுத்து? "நல்ல சம்பளம்" என்பதை அவர் எல்லாச் சுவரிலும் படித்துவிட்டார்.

ஆனாலும் இந்த வாசகத்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை. நூல் வெட்டவும், பீஸ் எடுத்துக் கொடுக்கவும், ஷிப்மெண்ட் வாரத்தில் மடித்துப் பேக் செய்யவும் கைமடி ஆட்கள் வேண்டுமென்றால் நான்கு வரியே போதும். சம்பளத் தொகையை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது வாசகம்: "வரை சம்பாதிக்கலாம்"

"பீஸ் ரேட்! திறமையான டைலர்கள் தினமும் ____ வரை சம்பாதிக்கலாம்!" சூப்பர்வைசர் தேர்ந்தெடுத்தது இது. பெரிய எழுத்தில் ஒரு தொகை இருந்தால் கண்ணைப் பிடிக்கும், வேகமான ஆட்கள் வருவார்கள் என்பது அவர் கணக்கு. வருவார்கள்தான். எவ்வளவு நாள் இருப்பார்கள் என்பதற்குத்தான் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும்.

அந்த "வரை"யில் வரும் தொகையை எப்படிப் போடுகிறோம் என்று பார்ப்போம். டி-ஷர்ட்டின் அடிமடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்லாக்கில் ஒரு பீஸுக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரமான 480 நிமிடத்தில் 960 பீஸ். யாரும் அப்படி ஓட்ட முடியாது. நூல் அறும், பண்டில் மாற்ற வேண்டும், தண்ணீர் குடிக்க எழுந்து போக வேண்டும். கை பழகிய டைலர் அதில் முக்கால் பங்கு, 720 பீஸ் தொடுவார். விளம்பரத்தில் போடுகிற தொகை இந்த 720-ஐ ரேட்டால் பெருக்கி வருவது.

இப்போது எங்கள் யூனிட்டுக்கு வாருங்கள். ஆர்டர் 1,500 பீஸ், அடிமடிப்புக்கு ஒரு மெஷின். புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் யாருக்கும் கை ஓடாது. துணி புதிது, மடிப்பின் அகலம் புதிது, முதல் ஒரு மணி நேரம் டென்ஷன் சரிசெய்வதிலேயே போகும். 400 பீஸ் வந்தால் நல்லது. இரண்டாம் நாள் 600. மூன்றாம் நாள்தான் 720 வேகம் வருகிறது, ஆனால் மிச்சமிருப்பது 500 பீஸ். அது மதியம் கொஞ்சம் தாண்டியதும் முடிந்துவிடும். அடுத்த ஸ்டைலின் கட்டிங் வரும்வரை டைலர் சும்மா உட்கார்ந்திருப்பார். மூன்று நாளில் 1,500 பீஸ், சராசரி 500. விளம்பரத்தில் 100 என்று எழுதியிருந்தால் கைக்கு வருவது 70-ஐக் கூட எட்டாது.

இத்தனைக்கும் டைலர் மேல் தப்பில்லை. சூப்பர்வைசர் மேலும் இல்லை. கை பழகும்போது ஆர்டர் முடிந்துவிடுகிறது, சின்ன யூனிட்டின் இயல்பே அது. அதே டைலர் 50,000 பீஸ் ஆர்டர் ஓடும் பெரிய கம்பெனியில் உட்கார்ந்தால் முதல் இரண்டு நாள் நஷ்டம் கணக்கிலேயே தெரியாது. ஆகவே பீஸ் ரேட்டைச் சொல்லி ஆள் இழுப்பதில் பெரிய கம்பெனியோடு நாம் போட்டி போடவே முடியாது. போட்டால், முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் மெஷின் காலியாக இருக்கும்.

பீஸ் ரேட்டில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ஏற்றுமதித் தையலில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மெஷின் ஓடக்கூடாது. உடைந்த துண்டுகளை ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, அப்புறம்தான் புது ஊசி கொடுப்போம். ஒரு துண்டு குறைந்தால் பக்கத்தில் இருக்கும் பீஸ் முழுக்கத் தேட வேண்டும். இருபது நிமிடம் போகலாம், ஒரு மணி நேரமும் போகலாம். பீஸ் ரேட்டில் இருக்கும் டைலருக்கு அந்த நேரம் முழுக்கக் கூலி நஷ்டம். தன் பையில் இருக்கும் ஊசியை எடுத்து மாட்டிக்கொண்டு, உடைந்ததைக் காலால் தள்ளிவிடத் தோன்றுவது மனித இயல்பு. குழந்தைகள் சட்டையில் அந்த முனை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வாசகம் பொருந்துகிற இடமும் ஒன்று உண்டு. ஒரே ஸ்டைலில் பெரிய ஆர்டர் வந்து, ஒரு கான்ட்ராக்டர் குழுவை அந்த ஆர்டருக்கு மட்டும் உட்கார வைக்கும்போது பீஸ் ரேட்டே இரு தரப்புக்கும் தெளிவானது. அப்போதும் "வரை" என்று ஒரு தொகையைப் போடாதீர்கள். ஒரு பீஸின் ரேட்டையும் மொத்த பீஸ் எண்ணிக்கையையும் போடுங்கள். பெருக்கிக்கொள்ள அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வாசகம்: உள்ளதை உள்ளபடி

நான் கேட்டது இது. முழுதாகவே தருகிறேன், கோடிட்ட இடத்தில் அவரவர் தொகையைப் போட்டுக்கொள்ளலாம்.

> பின்னலாடை டைலர்கள் 6 பேர் தேவை (ஆண், பெண் இருபாலரும்)
> ஓவர்லாக் 3, பேட்லாக் 2 (ஒன்று சிலிண்டர் பெட்), சிங்கர் 1
>
> சம்பளம்: மாதச் சம்பளம், பீஸ் ரேட் இல்லை. தொடக்கத்தில் டெஸ்ட்டைப் பொறுத்து ____ அல்லது ____. பிடித்தம் போகக் கையில் ____ அல்லது ____. மாதம் 7-ஆம் தேதி வங்கிக் கணக்கில்.
>
> நேரம்: காலை 8:30 முதல் மாலை 5:30 வரை, நடுவில் ஒரு மணி நேர இடைவேளை, வாரம் 6 நாள். ஷிப்மெண்ட் வாரத்தில் ஓவர்டைம் இருக்கும். வாரம் 12 மணி நேரத்துக்கு மேல் போகாது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ____.
>
> வேலை எப்படி: சின்ன ஆர்டர்கள். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஸ்டைல் மாறும். ஒரே ஆபரேஷனை மாதக்கணக்கில் ஓட்டிப் பழகியவர்களுக்கு முதலில் சிரமமாக இருக்கும். ஆர்டர் குறையும் வாரங்கள் வருடத்தில் சில உண்டு. அப்போதும் 5 நாள் சம்பளம் உறுதி, ஓவர்டைம் இருக்காது.
>
> மேலே போக: சூப்பர்வைசர் இடம் இப்போது காலி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட். ஒரு மெஷினில் நான்கு ஆபரேஷன் தெரிந்தால் பி கிரேடு ____. இரண்டு மெஷின் தெரிந்தால் ஏ கிரேடு ____.
>
> டெஸ்ட்: அரை நாள். அதற்கான கூலி அன்றே கையில். முன்பணமோ கமிஷனோ யாருக்கும் தர வேண்டாம்.
>
> அழைக்க: ____, மாலை 6 முதல் 8 வரை. ____ தேதிக்குப் பிறகு இந்த விளம்பரம் செல்லாது.

முதலாளி படித்துவிட்டு, "இதைப் பார்த்தால் வருகிறவனும் வர மாட்டானே" என்றார். நியாயமான பயம்தான். இப்படி எழுதினால் போன் குறையும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஆறு மெஷினுக்கு ஆறு பேர் போதும். நூறு போன் வந்து என்ன செய்யப்போகிறோம்?

அதில் அவர் அதிகம் எதிர்த்தது இரண்டு இடங்களை.

ஒன்று, ஸ்டைல் மாறும் என்ற வரி. இதை ஏன் நாமே சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் டைலருக்கே தெரிந்துவிடும், அன்று அவர் நம்மை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைப்பார். சொல்லிவிட்டால் அதே விஷயம் வேறு மாதிரி வேலை செய்கிறது. மாதக்கணக்கில் ஒரே தோளைக் கூட்டிக் கூட்டிச் சலித்துப்போன டைலர்கள் இருக்கிறார்கள். முழு பீஸையும் தைக்கத் தெரிந்தும் ஒரே ஆபரேஷனில் மாட்டிக்கொண்டவர்கள். அந்த வரி அவர்களைத் தேடிப் போகும். வேகம் மட்டும் போதும், மாற்றம் வேண்டாம் என்கிறவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். அதுவும் நமக்கு லாபம்தான்.

அதே வரிதான் மாதச் சம்பளம் ஏன் என்பதற்கும் பதில். ஸ்டைல் மாறும் நாளின் நஷ்டத்தைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது என்பதே அதன் பொருள். நிச்சயம் இதில் செலவு இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் 720 வர வேண்டிய இடத்தில் 500 வருகிற நாளுக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும். அந்தச் செலவு ஆர்டர் எடுக்கும்போதே விலையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இந்த விளம்பரத்தைப் போடாதீர்கள், இரண்டு மாதத்தில் வாக்கு தவற வேண்டி வரும்.

இரண்டாவது, சூப்பர்வைசர் இடம் காலி இல்லை என்ற வரி. "வளர்ச்சி வாய்ப்பு உண்டு" என்று எழுதுவது எவ்வளவு சுலபம்! ஆனால் 26 மெஷினுக்கு ஒரு சூப்பர்வைசர்தான். இருக்கிறவருக்கு இன்னும் வெகுகாலம் சர்வீஸ் இருக்கிறது. பிறகு எந்த நாற்காலியைக் காட்டி ஆசை மூட்டுவது? சின்ன யூனிட்டில் பதவியாக வளர்வது மிகக் குறைவு. கைத்திறனாக வளர்வதற்குத்தான் இடம் அதிகம், அதைச் சம்பளத்தோடு கட்டிப்போட்டால் அது உண்மையான வளர்ச்சி. பேட்லாக் டைலர் ஒருநாள் வராவிட்டால் எங்கள் லைன் முழுக்க நின்றுவிடும். ஓவர்லாக்கில் இருப்பவர் எழுந்து வந்து பேட்லாக்கிலும் உட்கார முடிந்தால் அந்த நாள் பிழைத்தது. ஆகவே இரண்டு மெஷின் தெரிந்தவருக்குக் கூடுதலாகத் தருவதில் தர்மம் ஒன்றுமில்லை, அந்த ஆளின் மதிப்பே அவ்வளவு.

கிரேடு என்று எழுதினால் டெஸ்ட் தேதி தவறக்கூடாது, இதில்தான் பல இடங்களில் சறுக்குகிறது. ஜனவரியில் ஷிப்மெண்ட் நெருக்கடி என்று தள்ளி, பிப்ரவரியில் மறந்து, மார்ச்சில் ஒருவர் கேட்டால் முகம் சுளிப்பது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு யூனிட்டில் இப்படித்தான் ஆனது. நல்ல பேட்லாக் டைலர்கள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் போனார்கள். போகும்போது சம்பளம் போதவில்லை என்று சொல்லவில்லை, டெஸ்ட் வைக்கவே இல்லையே என்றுதான் சொன்னார்கள்.

ஓவர்டைமுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பை வைத்ததற்கும் காரணம் உண்டு. வாரம் 48 மணி நேர வேலை, அதற்கு மேல் 12 மணி ஓவர்டைம், மொத்தம் 60. வெளிநாட்டு பையர்கள் பின்பற்றும் நடத்தை விதிகள் பலவற்றில் இதுதான் எல்லை, ஓவர்டைம் விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. உள்நாட்டுச் சட்டம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. ஆடிட் வருகிறவர்கள் தொழிலாளர்களிடம் தனியாகப் பேசுவார்கள். விளம்பரத்தில் ஒன்று, தளத்தில் ஒன்று என்றிருந்தால் அங்கே வெளிப்பட்டுவிடும். கமிஷன் வேண்டாம் என்ற வரியும் அதே வகை. ஆள் பிடித்துத் தருகிறவர் டைலரிடம் பணம் வாங்கியிருந்தால், கம்பெனிக்குத் தெரியாமல் நடந்ததாக இருந்தாலும் கேள்வி கம்பெனியிடம்தான் வரும்.

டெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம்

கூலி இல்லாமல் இரண்டு மூன்று நாள் ட்ரையல் என்று தைக்க வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நல்ல ஆட்களை விரட்ட அதைவிடச் சிறந்த வழி கிடையாது. அத்தனை நாள் தேவையும் இல்லை. ஓவர்லாக் டைலருக்கு 20 பீஸ் கழுத்து ரிப் ஏற்றக் கொடுத்தால் போதும். ரிப் கழுத்துச் சுற்றளவைவிடச் சின்னதாக வெட்டப்பட்டிருக்கும், அதைச் சீராக இழுத்துக்கொண்டே தைக்க வேண்டும். கை பழகாதவர் தொடக்கத்தில் இழுக்காமல் விட்டு, கடைசியில் மொத்தமாக இழுப்பார். பீஸை மேசையில் விரித்தால் ஒரு பக்கம் கழுத்து சப்பென்று படுத்திருக்கும், மறுபக்கம் சுருங்கி நிற்கும். முதல் ஐந்து பீஸை நான் பார்ப்பதே இல்லை, மெஷின் புதிது. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே மாதிரி வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன். வேகத்தை இப்போது அளக்கத் தேவையில்லை, அது தானாக வரும்.

எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்

போன் எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டினால் முதல் வாசகம்தான் எப்போதும் ஜெயிக்கும். நான் ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுகிறேன். டெஸ்ட்டுக்கு வந்தவர்களில் சொன்ன மெஷின் உண்மையில் தெரிந்தவர்கள் எத்தனை பேர், முதல் சம்பளத்துக்குப் பிறகு வந்தவர்கள் எத்தனை பேர், 60-ஆம் நாள் மெஷினில் இருப்பவர்கள் எத்தனை பேர். வாசகத்தை மாற்றும்போது இந்த மூன்றும் எப்படி மாறுகின்றன என்பதுதான் பார்க்க வேண்டியது.

டெஸ்ட்டில் தேறாதவர்கள் நிறைய வந்தால் விளம்பரத்தின் முதல் இரண்டு வரியில் தெளிவில்லை. முதல் சம்பளத்தோடு போகிறார்கள் என்றால் சம்பள வரியில் பொய் இருக்கிறது. பெரும்பாலும் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று எழுதாமல் விட்டிருப்போம். அதையும் தாண்டி இருந்துவிட்டு இரண்டாம் மாதத்தில் போகிறவர்கள் விளம்பரத்தால் போவதில்லை, தளத்தில் யாரோ கத்துகிறார்கள்.

போனில் கேட்கிற கேள்வியும் நல்ல அளவுகோல். "சம்பளம் எவ்வளவு" என்றே எல்லோரும் கேட்டால் அந்த வரி கண்ணில் படும் இடத்தில் இல்லை. விளம்பரம் போனில் கைமாறிக் கைமாறிப் போகிறபோது முதல் சில வரிகள்தான் திறக்காமலே தெரியும், ஆகவே மெஷினும் சம்பளமும் அங்கே இருக்க வேண்டும். "சிலிண்டர் பெட் எத்தனை ஊசி? கை மடிப்பு மட்டுமா, காலும் வருமா?" என்று ஒருவர் கேட்டால் உடனே டெஸ்ட்டுக்கு நாள் சொல்லிவிடுவேன். அந்தக் கேள்வியைத் தைக்கத் தெரிந்தவர் மட்டும்தான் கேட்பார்.

கடைசியில் மூன்றாவது வாசகத்தைத்தான் போட்டோம். செல்லாத தேதியை முதலாளி தேவையில்லை என்று எடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. ஆள் நிரம்பி மாதங்கள் கழித்தும் பழைய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் லீவு போட்டு வந்து வாசலில் நின்ற கதை எங்களுக்கு ஏற்கெனவே உண்டு.

மூன்றாவது வாசகத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. டெஸ்ட் முடித்துக் கிளம்பும்போது ஓவர்லாக் டைலர் ஒருவர் கேட்டார்: "ஆல்டரேஷன் வந்தால் யார் நேரத்தில் பிரிப்பது சார்?" எங்கள் மூவரில் யாரும் அதை யோசிக்கவில்லை. தையல் பிசகு என்றாலும் கட்டிங் பிசகு என்றாலும் வேலை நேரத்துக்குள்தான் பிரிக்க வேண்டும், 5:30-க்கு மேல் உட்கார வைத்தால் அது ஓவர்டைம் என்று அன்றே சூப்பர்வைசரோடு பேசி முடிவு செய்தோம். அடுத்த முறை ஒட்டிய விளம்பரத்தில் ஓவர்டைம் வரிக்குக் கீழே அது ஒரு வரியாக ஏறிவிட்டது.